ஒரு பத்தி, ஏழு நூல்கள்

திருகோணமலையைப் பற்றி என்ன வாசிக்கலாம் என்று நிறைய வாசித்த ஒருவரிடம் கேட்டால், அவர் பட்டியல் ஒப்புவிக்க மாட்டார். ஒரு நூலைத் தொட்டு இன்னொன்றுக்குப் போவார். சிலவற்றுக்கு ஆசிரியர் பெயரை மட்டும் சொல்வார், சிலவற்றுக்கு நூலின் பெயரை மட்டும் சொல்வார். கேட்பவருக்கு அது போதும். ஆனால் பாடசாலை நூலகத்துக்கு நூல் வாங்கப் போகும் ஆசிரியருக்கு வேண்டியது வேறு. ஒரு வரிக்கு ஒரு நூல் என்ற ஒழுங்கில், நூலின் பெயர், ஆசிரியர் பெயர், ஒரே வரியில் ஒரு குறிப்பு ஆகிய மூன்றும் அவருக்கு வேண்டும். முதலாவதை இரண்டாவதாக மாற்றுவது எழுத்தர் வேலை போலத் தெரியும். செய்து பார்த்தால், தமிழ் இலக்கணம், ஈழத்து இலக்கிய வரலாறு, நூலகவியல் மூன்றும் அதற்குள் வந்துவிடும்.

இந்தக் கட்டுரைக்காக எழுதிய ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் நூல்களும் ஆசிரியர்களும் உண்மையானவை.

“திருகோணமலையை வாசிக்கத் தொடங்குகிறவர் முதலில் வ. அ. இராசரத்தினத்தின் தோணியை எடுக்கலாம். கடலை நம்பி வாழ்கிறவர்களை அதில் பார்க்கலாம். அதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரார் நாவல் எழுதிவிட்டார்கள். இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை ஒன்று, அதன் பின் வந்த மோகனாங்கி மற்றொன்று. நாயக்கர் காலத்தைச் சொல்லும் அதை எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. கோயிலின் பழமையை அறியக் கோணேசர் கல்வெட்டையும் தட்சிண கைலாச புராணத்தையும் பார்க்க வேண்டும். கொட்டியாரத்தில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ் எழுதியதைத் தவறவிடக் கூடாது. ஆதர் சி. கிளார்க்கும் இங்கே கடலில் மூழ்கிப் பார்த்ததை எழுதியிருக்கிறார். பாலேஸ்வரியின் நாவல்களும் உண்டு.”

இதில் பல வாக்கியங்கள் தனித்து நிற்கவில்லை. ‘அதில்’, ‘அதற்கு’, ‘அதன் பின்’, ‘மற்றொன்று’, ‘இங்கே’ என்ற சொற்கள் அவற்றைப் பக்கத்து வாக்கியங்களோடு பிணைக்கின்றன. பட்டியலிலோ ஒவ்வொரு வரியும் தனியாக நிற்க வேண்டும். ஆசிரியர் ஐந்தாவது வரியை மட்டும் வெட்டி நூற்கடைக்கு அனுப்பினாலும், கடைக்காரர் சரியான நூலை எடுத்துத் தர வேண்டும். ஆகவே பக்கத்து வாக்கியங்களிலிருந்து இரவல் வாங்கிய பொருளை எல்லாம் ஒவ்வொரு வரிக்கும் சொந்தமாக்கிக் கொடுக்க வேண்டும். மாற்றும் வேலை என்பது இதுதான்.

இந்த வேலைக்குத் தமிழில் நல்ல முன்னோடி உண்டு. கண்டியில் ஆசிரியராக இருந்து பின்னர் சென்னைக்குச் சென்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் மேர்டொக், அதுவரை அச்சான தமிழ் நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து ஒரு பட்டியலை 1865இல் வெளியிட்டார். பல பதிவுகளில் நூலின் பெயரோடு அது என்ன நூல் என்று சுருக்கமாகவும் சொன்னார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் போகிறார்கள். பட்டியலிட்ட நூல்களில் சில பின்னர் கிடைக்காமல் போனாலும் அவற்றைப் பற்றிய வரிகள் தனித்து நின்று பயன் தருவதே அதற்குக் காரணம்.

முதற்படி, பத்திக்குள் நூற்பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. ஆங்கிலத்தில் நூற்பெயர்களைப் பெரிய எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் அந்த வசதி இல்லை. கொட்டியாரக் குடாவைச் சுற்றிய ஊர்களில் தோணி அன்றாடம் புழங்கும் பொருள். ‘தோணியை எடுக்கலாம்’ என்ற சொற்றொடரை மட்டும் பார்த்தால், துறையில் கட்டியிருக்கும் தோணியை எடுக்கச் சொல்வதாகத்தான் படும். அது நூலின் பெயர் என்பதை உணர்த்துபவை இரண்டு. ஒன்று, முன்னால் நிற்கும் ‘இராசரத்தினத்தின்’ என்ற சொல். மற்றது, வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் ‘வாசிக்க’ என்ற வினை. ஆகவே பெயர்களைத் தேடுவதற்கு முன், வாசித்தல், எழுதுதல், பார்த்தல் போன்ற வினைகளைத் தேடி அடிக்கோடிட வேண்டும். அந்த வினைகள் எதைச் செயப்படுபொருளாகக் கொண்டிருக்கின்றன என்று பார்த்தால் நூற்பெயர்கள் கண்ணில் படத் தொடங்கும்.

கண்டுபிடித்த பெயர் அப்படியே பட்டியலுக்குப் போகாது. பத்தியில் அது வேற்றுமை உருபை ஏற்று உருமாறியிருக்கும். ‘தோணியை’ என்பதில் ‘யை’ நீங்கினால் தோணி கிடைத்துவிடுகிறது. ‘கல்வெட்டையும்’ என்பதில் ‘ஐயும்’ என்பதை மட்டும் பிரித்தால் ‘கல்வெட்ட்’ என்று மெய்யெழுத்தில் நிற்கும். கெட்டுப்போன உகரத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும். ‘புராணத்தையும்’ என்பதில் அத்துச் சாரியையையும் நீக்கி, மகரத்தை மீட்டால்தான் ‘புராணம்’ வரும். தமிழ் பேசுகிறவர் இதை யோசிக்காமலே செய்துவிடுவார். கணினி நிரலுக்கு ஒவ்வொன்றையும் விதியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால் நூலகப் பட்டியலில் தேடும்போது எதுவும் அகப்படாது.

பெயர் எங்கே முடிகிறது என்பதும் கேள்விதான். ‘ஊசோன் பாலந்தை கதை’ என்பதில் ‘கதை’ நூற்பெயரின் பகுதி. ‘மோகனாங்கி நாவல்’ என்று யாராவது எழுதியிருந்தால், ‘நாவல்’ பெயரின் பகுதி ஆகாது. இரண்டையும் இலக்கணம் கொண்டு வேறுபடுத்த முடியாது. நூலின் முகப்புப் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லும். ஈழத்து நூல்களைப் பொறுத்தவரை இது முன்பு போல் கடினமில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணைய நூலகத்தில் பழைய நூல்கள் பல பக்கம் பக்கமாக ஒளிவருடப்பட்டிருக்கின்றன. அவற்றின் முகப்புப் பக்கத்தை வீட்டிலிருந்தே திறந்து பார்க்கலாம்.

அடுத்தது, எந்த நூல் யாருடையது என்று இணைப்பது. பத்தியின் தொடக்கத்தில் ஆசிரியர் பெயர் முன்னும் நூற்பெயர் பின்னுமாக வருகின்றன. இராசரத்தினத்தின் தோணி, இன்னாசித்தம்பியின் ஊசோன் பாலந்தை கதை. இந்த ஒழுங்கை நம்பி, நூற்பெயருக்கு முன்னால் கடைசியாக வந்தவரே ஆசிரியர் என்று விதி வகுத்தால் மூன்றாவது நூலிலேயே பிழை வந்துவிடும். மோகனாங்கிக்கு முன் கடைசியாக வந்த பெயர் இன்னாசித்தம்பி. உண்மையான ஆசிரியர் அடுத்த வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறார். அங்கே மோகனாங்கி என்ற பெயர் இல்லை, ‘அதை’ என்ற சுட்டு மட்டும் இருக்கிறது.

இந்தப் பிழை ஆபத்தானது, ஏனென்றால் பார்வைக்குப் பிழையாகத் தெரியாது. எஸ். இன்னாசித்தம்பியும் சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலையைச் சேர்ந்தவர்கள். ஊசோன் பாலந்தை கதை 1891இலும் மோகனாங்கி 1895இலும் வந்தன. ஒரே ஊர், ஒரே காலம், இரண்டும் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகள். இரண்டையும் இன்னாசித்தம்பியே எழுதினார் என்று ஒரு பட்டியல் சொன்னால், தெரியாதவர் எவரும் சந்தேகிக்க மாட்டார். அந்தப் பட்டியலைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார், தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலர் கருதும் நூல் ஆசிரியர் மாறிப் பரவத் தொடங்கும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு சுட்டுச் சொல்லுக்கும் மேலே அது குறிக்கும் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டு, அதன் பிறகே வரிகளாகப் பிரிக்க வேண்டும். ‘அதை’ என்பதன் மேல் ‘மோகனாங்கியை’ என்று எழுதிய கணத்தில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

பத்தியைக் கணினியில் வாக்கியங்களாகப் பிரிக்கிறவர்கள் இன்னொரு இடத்திலும் இடறுவார்கள். முற்றுப்புள்ளி வந்தால் வாக்கியம் முடிந்தது என்று நிரலுக்குச் சொன்னால், ‘வ. அ. இராசரத்தினம்’ மூன்று துண்டாகிவிடுவார். தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்து இல்லாத பெயர் அரிது. ஆகவே ஓரெழுத்தும் புள்ளியும் சேர்ந்து வந்தால் அங்கே வெட்டக் கூடாது என்ற விதியை முதலிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தலைப்பெழுத்துகளைத் தேவையற்றவை என்று தூக்கி எறியவும் கூடாது. ‘தி. த.’ என்பதில் முதலாவது திருகோணமலை, இரண்டாவது தந்தை தம்பிமுத்துப்பிள்ளை. சரவணமுத்துப்பிள்ளையின் அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் அறிஞர். சகோதரர்கள் என்பதால் இருவருக்கும் தலைப்பெழுத்து ஒன்றே. யாராவது ‘தி. த. பிள்ளை’ என்று சுருக்கினால் இருவரில் எவர் என்று சொல்ல வழியில்லை. பிள்ளை என்பதை மேல்நாட்டுக் குடும்பப் பெயர் போல எண்ணி ‘பிள்ளை, சரவணமுத்து’ என்று புரட்டிப் போடுவதும் தவறு. ஈழத்து நூலகங்களின் வழக்கம், ஆளின் சொந்தப் பெயரை முழுமையாக முன்னால் வைத்துத் தலைப்பெழுத்தைப் பின்னால் போடுவது: சரவணமுத்துப்பிள்ளை, தி. த. அகரவரிசையில் அடுக்கும்போது இவர் ‘ச’வில் அகப்படுவார். தலைப்பெழுத்தை முன்னால் விட்டால், ஊரின் முதலெழுத்தைக் கொண்டு ‘தி’யில் போய் உட்காருவார். சிறு பட்டியலில் இது உறுத்தாது. நீண்ட பட்டியலில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடிவது இதைப் பொறுத்தே இருக்கிறது.

இனி, பத்தி சொல்லாமல் விட்டவை. பேச்சில் ஒன்றைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள். பட்டியலில் தாண்டினால் அந்த இடம் வெறுமையாகக் கிடந்து கண்ணை உறுத்தும். உறுத்துவதால் எதையாவது போட்டு நிரப்பத் தோன்றும். பட்டியல்களில் நுழையும் பொய்களில் பெரும்பகுதி இப்படித்தான் நுழைகிறது. நமது பத்தியில் இந்த வெற்றிடம் நான்கு விதமாக வருகிறது, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நொக்ஸ் விடயத்தில் ஆசிரியர் உண்டு, நூற்பெயர் இல்லை. ஆனால் பத்தி சொல்லும் செய்தியே அடையாளம் காணப் போதுமானது. ‘ஆன்’ என்ற கப்பலில் வந்து 1660இல் கொட்டியாரத்தில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பிய றொபேட் நொக்ஸ் தன் வாழ்நாளில் வெளியிட்ட நூல் ஒன்றே. 1681இல் இலண்டனில் வெளிவந்த ‘அன் ஹிஸ்ரோறிக்கல் றிலேசன் ஒப் த ஐலண்ட் சிலோன்’ அது. கப்பலின் தலைவராக இருந்து கூடவே பிடிபட்ட தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். தந்தை 1661இல் சிறையிருப்பிலேயே இறந்துவிட்டார். எனவே குறிப்பில் ‘கப்பற் தலைவர் நொக்ஸ் எழுதியது’ என்று போட்டால், நூல் வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்பே இறந்தவரை ஆசிரியராக்கியதாகிவிடும்.

கிளார்க் விடயத்திலும் நூற்பெயர் இல்லை. இங்கே தவறான நூலை எடுக்க வாய்ப்பு அதிகம். இலங்கைக் கடலடியைப் பற்றி அவர் ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் எழுதியிருக்கிறார். 1964இல் வந்த ‘த ற்றெஷர் ஒப் த கிறேற் றீப்’ கடலுக்கடியில் கிடைத்த வெள்ளி நாணயங்களைப் பற்றியது என்பதால் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தக் கப்பல் மூழ்கிக் கிடந்தது தீவின் தெற்குப் பக்கம், கிறேற் பாஸஸ் பாறைத்தொடர் அருகே. சுவாமி மலையடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டது வருவது 1957இல் வெளியான ‘த றீப்ஸ் ஒப் தப்ரபேன்’ நூலில். பத்தியில் உள்ள ‘இங்கே’ என்ற ஒரே சொல்தான் இரண்டையும் பிரிக்கிறது. ‘இங்கே’ என்றால் திருகோணமலை என்று பென்சிலால் எழுதியிருந்தால் தெற்குக் கடலின் நூல் பட்டியலுக்குள் வந்திருக்காது.

மூன்றாவது விதத்தில் நூற்பெயர் உண்டு, ஆசிரியர் இல்லை. கோணேசர் கல்வெட்டுக்குத் தேடினால் விடை கிடைத்துவிடும், அது கவிராசவரோதயர் பாடியது. தட்சிண கைலாச புராணத்துக்குத் தேடினால் இரண்டு விடைகள் கிடைக்கும். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி செகராசசேகரன் இயற்றினார் என்பது ஒரு கருத்து, பண்டிதராசர் இயற்றினார் என்பது மற்றொன்று. பட்டியலின் கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருக்கிறது என்பதற்காக ஒருவரைத் தேர்ந்து போட்டால், அறிஞர்கள் தீர்க்காத வழக்கை நாம் தீர்த்ததாகிவிடும். இருவர் பெயரையும் போட்டு, கருத்து வேறுபாடு உண்டு என்று சொல்வதே சரி. வரி சற்று நீளும், அவ்வளவுதான்.

நான்காவது, ‘பாலேஸ்வரியின் நாவல்களும் உண்டு.’ இங்கே ஆசிரியர் மட்டும் இருக்கிறார், நூலே இல்லை. திருகோணமலை எழுத்தாளர் ந. பாலேஸ்வரி ‘சுடர்விளக்கு’, ‘பூஜைக்கு வந்த மலர்’ என்று பல நாவல்கள் எழுதியவர். அவற்றுள் நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துப் போடலாம் என்று கை நீளும். போடக் கூடாது. போட்டால் அது நமது பரிந்துரை, பத்தி சொன்னவருடையது அல்ல. இந்த வரியைப் பட்டியலில் எண்ணிடாமல் அடியில் தனியாக வைத்து, எந்த நாவல் என்று அவரிடமே கேட்க வேண்டும்.

ஒரு வரிக் குறிப்புக்கு வருவோம். நல்ல குறிப்பு இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லும். இது என்ன வகை நூல், இந்தப் பட்டியலில் ஏன் இருக்கிறது. ‘அருமையான நூல்’, ‘தவறவிடக் கூடாதது’ என்பவை எந்த நூலுக்கும் பொருந்தும், ஆகவே இடத்தை வீணாக்கும். ஒப்பிட்டுச் சொல்லும் சொற்களைத் தனித்து நிற்கும் செய்தியாக மாற்ற வேண்டும். ‘எழுபது ஆண்டுகளுக்கு முன்பே’ என்பது 1962இல் வந்த தோணியிலிருந்து எண்ணியது. பிரித்து எடுத்த வரியில் அது எதிலிருந்து எண்ணியது என்று தெரியாது. 1891 என்று போட்டுவிட்டால் கேள்வி எழாது.

குறிப்பில் இன்னொரு கண்ணியும் உண்டு. பத்தி ஒரு நூலைத் தன் தேவைக்கு ஏற்ற கோணத்தில் காட்டியிருக்கும். அந்தக் கோணமே முழு நூல் என்று குறிப்பு சொல்லிவிடும். கொட்டியாரத்தில் பிடிபட்டவர் எழுதியது என்று படித்ததும், நொக்ஸின் நூல் திருகோணமலையைப் பற்றியது என்று எழுதத் தோன்றும். உண்மையில் நூலின் பெரும்பகுதி கண்டி இராச்சியத்தின் அரசு, விவசாயம், வழக்கங்கள் பற்றியது. கொட்டியாரம் அதில் ஒரு சிறு பகுதி மட்டுமே. தோணியும் அப்படித்தான். அது சிறுகதைத் தொகுப்பு. கடலை நம்பி வாழ்கிறவர்கள் என்ற விவரம் தலைப்புக் கதைக்குப் பொருந்தும், தொகுப்பு முழுவதற்கும் அல்ல. கோணேசர் கல்வெட்டு என்ற பெயரைப் பார்த்துக் கல்லில் வெட்டிய சாசனம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. அது பாடலும் உரைநடையுமாக அமைந்த இலக்கியம் என்று குறிப்பு சொல்லிவிட்டால், சாசனம் தேடுகிறவர் ஏமாற மாட்டார்.

வரிசை பற்றியும் முடிவெடுக்க வேண்டும். பத்தியின் வரிசையில் பொருள் இருக்கிறது. தோணி முதலில் வந்தது தற்செயல் அல்ல, அங்கிருந்து தொடங்கு என்று பத்தி வெளிப்படையாகச் சொல்கிறது. அகரவரிசையில் அடுக்கினால் வேறொரு நூல் தலைக்கு வரும், அந்த அறிவுரை மறைந்துவிடும். ஏழு நூல்களுக்கு அகரவரிசை தேவையில்லை. நீளமான பட்டியலுக்கு அது தேவைப்பட்டால், ‘முதலில் வாசிக்க’ என்ற சொல்லைக் குறிப்புக்குள் கொண்டுபோக வேண்டும். கணினி அடுக்கித் தரும் வரிசையையும் சரிபார்க்க வேண்டும். யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ எழுத்து ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ எழுத்து ‘ர’வுக்கு அடுத்தும் வருகின்றன. நம் நெடுங்கணக்கிலோ அவை இரண்டும் கடைசி. தமிழ் வரிசை தெரியாத மென்பொருள் அந்த எண்களைப் பார்த்தே அடுக்கிவிடும்.

இத்தனையும் செய்த பிறகு பத்தி இப்படி நிற்கும்:

1. தோணி | வ. அ. இராசரத்தினம் | மூதூர் எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு, 1962, தலைப்புக் கதை கடலை நம்பி வாழ்கிறவர்களைப் பற்றியது, முதலில் வாசிக்க.

2. ஊசோன் பாலந்தை கதை | எஸ். இன்னாசித்தம்பி | திருகோணமலையைச் சேர்ந்தவர் எழுதிய ஆரம்பகாலத் தமிழ் நாவல், 1891.

3. மோகனாங்கி | தி. த. சரவணமுத்துப்பிள்ளை | நாயக்கர் காலத்தைச் சொல்லும் வரலாற்று நாவல், 1895. ஆசிரியர் திருகோணமலையைச் சேர்ந்தவர்.

4. கோணேசர் கல்வெட்டு | கவிராசவரோதயர் | கோணேசர் கோயிலின் மரபையும் தொழும்புகளையும் சொல்லும் பாடலும் உரைநடையும்; கற்சாசனம் அல்ல.

5. தட்சிண கைலாச புராணம் | செகராசசேகரன் என்றும் பண்டிதராசர் என்றும் இரு கருத்து | திருகோணமலைக் கோயிலின் தலபுராணம்.

6. அன் ஹிஸ்ரோறிக்கல் றிலேசன் ஒப் த ஐலண்ட் சிலோன் | றொபேட் நொக்ஸ், மகன் | 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்டவர் கண்டி இராச்சியத்தைப் பற்றி எழுதியது, 1681, ஆங்கிலம்.

7. த றீப்ஸ் ஒப் தப்ரபேன் | ஆதர் சி. கிளார்க் | இலங்கைக் கடலடி அனுபவங்கள், சுவாமி மலையடியில் மூழ்கியதும் இதில் உண்டு, 1957, ஆங்கிலம்.

எண்ணிடாதது: ந. பாலேஸ்வரி, நாவல் பெயர் பரிந்துரைத்தவரிடம் கேட்க வேண்டும்.

வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க மூன்று சோதனைகள் போதும். முதலில் எண்ணிக்கை. பத்தியில் பென்சிலால் குறித்த நூல்கள் ஏழு, ஆசிரியர் மட்டுமான குறிப்பு ஒன்று. பட்டியலிலும் அதே கணக்கு வர வேண்டும். கூடினால் ஏதோ ஒரு பெயர் இரண்டாக உடைந்திருக்கிறது, குறைந்தால் தோணி போன்ற ஒன்றை வெறுஞ்சொல் என்று விட்டிருக்கிறோம். இரண்டாவது, மூலம் தேடுவது. குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பத்தியிலிருந்து வந்ததா, முகப்புப் பக்கத்திலிருந்து வந்ததா, வேறொரு நம்பகமான நூலிலிருந்து வந்ததா என்று கேட்க வேண்டும். மூன்றுக்கும் இல்லை என்றால் அது நாம் கற்பித்தது, நீக்கிவிட வேண்டும். மூன்றாவது, பத்தியைப் பார்க்காத ஒருவரிடம் நடுவிலிருந்து ஒரு வரியை மட்டும் கொடுத்து, நூலகத்தில் அந்த நூலை எடுக்கச் சொல்வது. அவர் திரும்பி வந்து எதையும் கேட்காவிட்டால் அந்த வரி தனித்து நிற்கிறது. கேட்டால், அவர் கேட்ட கேள்விக்கான விடைதான் அந்த வரியில் இன்னும் சேராமல் இருப்பது.